மவுஸை மாற்றும் முன் விரிப்பைப் பாருங்கள்

என் அக்கா மகள் யாழினி கிள்ளானில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். நகைக்கடைகள் இணையத்தில் போடும் படங்களில், நகையை மட்டும் அச்சுப் பிசகாமல் வெட்டியெடுத்து வெள்ளைப் பின்னணியில் வைத்துக் கொடுப்பது அவள் தொழில். போட்டோஷாப்பில் பேனாக் கருவியை எடுத்து, நகையின் விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு ஜோடி ஜிமிக்கி என்றால் 200 புள்ளிக்கும் மேல் போய்விடும். படத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. விளிம்பு கோணலாக இருந்தால் படம் திரும்பி வரும். திருத்திக் கொடுப்பதற்குத் தனிக் காசு கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் எனக்குப் போன் செய்தாள். “மாமா, என் மவுஸ் சரியில்ல. நான் வைக்கிற இடத்துல நிக்க மாட்டேங்குது. 350 வெள்ளிக்கு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், வாங்கிடவா?” அந்த மாதம் மட்டும் 11 படங்கள் திரும்பி வந்திருக்கின்றன. மணிக்கட்டிலும் வலி.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். மவுஸ் நல்ல மவுஸ்தான். கம்பியில்லாதது, வாங்கி இரண்டு வருடம். அதன் கீழே மேசையின் பாதியை மூடிக்கொண்டு 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கறுப்புத் துணி விரிப்பு. அதையும் மவுஸோடு சேர்த்தே வாங்கியிருக்கிறாள். மவுஸ் ஓடும் இடத்தில் மட்டும் துணி பளபளவென்று மின்னியது. “இதை எப்போ கழுவினே?” என்று கேட்டேன். “இதையெல்லாம் கழுவுவாங்களா மாமா?” என்றாள்.

மவுஸ் தவறாக ஓடுகிறது என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு நோய்கள் உண்டு. ஒன்று, மவுஸின் கண் சரியாகப் பார்க்கவில்லை. இன்னொன்று, மவுஸின் கால் சரியாக வழுக்கவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் காசுதான் போகும்.

கண் என்றது மவுஸின் அடியில் இருக்கும் சென்சாரை. சின்ன விளக்கொன்று தரையில் சாய்வாக ஒளி பாய்ச்ச, சென்சார் ஒரு வினாடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை எடுக்கிறது. முந்தைய படத்தில் தெரிந்த நூலோ பொட்டோ அடுத்த படத்தில் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் திரையில் அம்புக்குறியை நகர்த்துகிறது. ஆகவே தரையில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி மேசையில் பல மவுஸ்கள் தடுமாறுவது இதனால்தான். 1980களில் வந்த முதல் ஒளி மவுஸ்களில் சில, கோடு போட்ட தனி உலோகத் தட்டின்மேல் மட்டுமே ஓடின. 1999இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் வந்த பிறகுதான் தட்டு இல்லாமலே எந்த மேசையிலும் ஓட்டலாம் என்று ஆனது. அதற்கு முன் நம் வீடுகளில் இருந்ததெல்லாம் உருண்டை மவுஸ். ரப்பர் பூசிய உருண்டை வழுக்காமல் உருள்வதற்குப் பிடிப்பு வேண்டும் என்பதற்காக வந்ததுதான் ரப்பர் அடியும் துணி மேலுமான பேட். உருண்டை போயும் பேட் போகவில்லை.

கண்ணில் கோளாறு என்றால் அடையாளம் இது: கையை எடுத்த பிறகும் அம்புக்குறி நடுங்கும், அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வேறு இடத்துக்குத் தாவும். விரிப்பின்மேல் ஓர் ஏ4 தாளை வைத்து அதில் ஓட்டிப் பார்க்கலாம். தாளில் தாவல் நின்றுவிட்டால், அந்த விரிப்பின் மேல்பரப்புதான் சென்சாருக்கு ஒத்துவரவில்லை. தாளிலும் தாவினால் முதலில் சென்சார் துளையில் தலைமுடியோ பஞ்சோ இருக்கிறதா என்று பாருங்கள். யாழினியின் மவுஸில் நடுக்கமும் இல்லை, தாவலும் இல்லை. கண் நன்றாக இருந்தது.

மிச்சம் இருப்பது கால். மவுஸைத் திருப்பினால் அடியில் வழவழப்பான சின்னச் சின்னப் பட்டைகள் இருக்கும். பெரும்பாலும் டெஃப்லான், அதாவது ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள். இந்தக் காலுக்கும் விரிப்புக்கும் நடுவில் இருக்கும் உராய்வுதான் மவுஸின் ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. அந்த உராய்விலும் இரண்டு வகை. நிற்கும் மவுஸைக் கிளப்புவதற்கு ஒரு பலம் வேண்டும். கிளம்பிய மவுஸை ஓட்டிக்கொண்டு போக அதைவிடக் குறைந்த பலம் போதும். அலமாரியைத் தள்ளியவர்களுக்குத் தெரியும். முதலில் அசையாது, அசைந்ததும் நாம் எதிர்பார்த்ததைவிட ஒரு சாண் கூடுதலாகப் போய் நிற்கும்.

மவுஸிலும் அதேதான் நடக்கிறது, அளவுதான் சிறியது. யாழினியின் மவுஸ் 800 டி.பி.ஐ. அதாவது ஓர் அங்குலம் நகர்ந்தால் 800 எண்ணிக்கை; ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 31. ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் என்று வைத்துக்கொண்டால், கிளம்பும்போது அரை மில்லிமீட்டர் அதிகமாகப் போய்விட்டாலே அம்புக்குறி 15 பிக்சல் தள்ளிப் போய் நிற்கும். திரையில் ஜிமிக்கியின் ஒரு முத்தே அவ்வளவுதான் இருக்கும். பெரிய வீச்சாக மவுஸை ஓட்டும் வேலையில் இது தெரியாது. ஒரு புள்ளி வை, நிறுத்து, இம்மியளவு நகர்த்து, அடுத்த புள்ளி வை என்று நாள் முழுக்கக் கிளப்பிக் கிளப்பி நிறுத்தும் வேலையில்தான் உயிரை வாங்கும். கிளப்புவதற்காகக் கையை இறுக்கி இறுக்கி மணிக்கட்டும் வலிக்கும்.

எந்த அளவுக்கு இறுக்கம் என்று வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். அக்காவின் அடுப்படியிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளமான பலகை ஒன்றை வாங்கிக்கொண்டோம். விரிப்பின் ஒரு பகுதியை அதன்மேல் சுருக்கமில்லாமல் போர்த்தி, மவுஸை வைத்து, பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கினோம். எந்த உயரத்தில் மவுஸ் தானாக வழுக்கத் தொடங்குகிறதோ அதை ஸ்கேல் வைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். உயரம் கூடக்கூட, கிளப்புவதற்கு வேண்டிய பலமும் கூடுதல் என்று அர்த்தம். ஒரு தடவை பார்த்தால் போதாது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து தடவை பார்த்துச் சராசரி எடுத்தோம். கம்பி உள்ள மவுஸுக்கு இந்தச் சோதனை சரிப்படாது, கம்பியே பிடித்து இழுக்கும்.

விரிப்பின் மூலையில், அதாவது மவுஸ் போகாத இடத்தில், ஐந்தரை சென்டிமீட்டரில் வழுக்கியது. பளபளத்த நடு இடத்தில் 8 சென்டிமீட்டர் தூக்க வேண்டியிருந்தது. ஒரே துணி, ஒரே மவுஸ், 20 சென்டிமீட்டர் தள்ளி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம். யாழினி ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பளபளப்பு என்னவென்றால், கையிலிருந்து வந்த வியர்வை, எண்ணெய், தோலின் பொடி, தூசி எல்லாம் துணியின் இழைகளுக்கு நடுவே இறங்கி, மவுஸ் காலால் தேய்த்துத் தேய்த்து மெழுகப்பட்டிருக்கிறது. புதுத் துணியில் கால் படுவது நெசவின் மேடுகளில் மட்டும்தான். பள்ளங்கள் அழுக்கால் நிரம்பியதும் கால் அதிக இடத்தில் படுகிறது, பிசுக்கும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறது. இதைவிடத் தொல்லை, நடு இடத்தில் ஒரு மாதிரியும் ஓரத்தில் ஒரு மாதிரியும் ஓடுவது. எல்லா இடமும் மெதுவாக இருந்தால் கை பழகிக்கொள்ளும். இடத்துக்கு இடம் மாறினால் கைக்குப் பழக வழியே இல்லை.

கழுவினோம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, மிருதுவான பஞ்சு. நெசவின் போக்கிலேயே இலேசாகத் தேய்க்க வேண்டும். பிரஷ் போட்டு உரசினால் இழை எழும்பி மயிர்க்கூச்செறிந்ததுபோல் ஆகிவிடும். சோப்பு துளியும் மிஞ்சாமல் அலச வேண்டும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி நீரை எடுத்துவிட்டு, நிழலில் தட்டையாகப் போட்டு மின்விசிறியைத் திருப்பிவிட வேண்டும். வெயிலில் போடாதீர்கள். அடி ரப்பர் விறைத்து ஓரம் சுருண்டு, துணியும் ரப்பரும் பிரிந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் தடித்த விரிப்பு காய ஒரு நாள் முழுக்க ஆகும். மேலே காய்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு மேசையில் போட்டால், அடியில் பூஞ்சை பிடித்து நாற்றமெடுக்கும். யாழினி இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து எனக்குச் செய்தி அனுப்பினாள். நடு இடம் 6.5. மூலை அதே 5.5. அந்த ஒரு சென்டிமீட்டர் போகவில்லை, ஏனென்றால் அங்கே அழுக்கு மட்டுமல்ல, இழையே தேய்ந்து படுத்துவிட்டிருக்கிறது. சோப்பு அதை எழுப்பாது.

அடுத்தது மவுஸின் கால். மவுஸைத் தட்டையான டைல்ஸில் வைத்து, நான்காக மடித்த காகிதத்தை அதன் அடியில் நுழைத்துப் பார்த்தேன். முன்பக்கம் நுழைந்தது, பின்பக்கம் இடது மூலையில் நுழையவில்லை. அங்கே கால் கிட்டத்தட்ட மவுஸின் அடிப்பாகத்தோடு சமமாகிவிட்டிருந்தது. அவள் உள்ளங்கையின் பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. கால் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் மவுஸின் பிளாஸ்டிக்கே துணியை உரசத் தொடங்கியிருக்கும். புதுக் கால் ஒரு செட் 25 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. வாங்கும்போது மவுஸின் மாடலைச் சொல்லித்தான் வாங்க வேண்டும், வடிவம் மாறும். பழையதைத் தலைமுடி உலர்த்தியால் இலேசாகச் சூடாக்கி, பல்குத்தும் குச்சியால் நெம்பினால் வந்துவிடும். பசை மிச்சத்தை ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். பழைய பசையின்மேலேயே ஒட்டினால் கால் ஒரு பக்கம் உயர்ந்து மவுஸ் ஆடும். புதுக் கால் முதல் சில நாள் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும்; கறுப்பு விரிப்பில் வெள்ளைத் தீற்றல்கூட விழும். விளிம்பு மழுங்கியதும் சரியாகிவிடும்.

புதுக் கால் போட்டதும் நடு இடம் 6க்கு இறங்கியது. ஆனாலும் படுத்துப்போன அந்தத் துணியை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டாம் என்று முடிவு செய்தோம். என்ன வாங்குவது என்பதில்தான் வீட்டில் சண்டை. அவள் தம்பி இணைய விளையாட்டு ஆடுகிறவன். அவனிடம் கண்ணாடி மவுஸ் பேட் இருக்கிறது. கண்ணாடியில் சென்சார் வேலை செய்யாது என்றேனே, இது அந்த மாதிரிக் கண்ணாடி இல்லை. மேலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சொரசொரப்பைச் செதுக்கி, அடியில் ஒளி ஊடுருவாதபடி வண்ணம் பூசியிருப்பார்கள். “அக்கா, இதுல ஓட்டிப் பாரு, வெண்ணெய் மாதிரி போகும்” என்று கொண்டுவந்து வைத்தான். பலகைச் சோதனையில் 3 சென்டிமீட்டரை எட்டும் முன்பே மவுஸ் ஓடிவிட்டது. கிளப்புவதற்குப் பலமே வேண்டாம்.

யாழினி ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கிளம்புவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம். துணி விரிப்பில் நிறுத்த நினைத்த இடத்தில் உள்ளங்கையை இலேசாக அழுத்தினால் கால் துணியில் புதைந்து நின்றுவிடும். அழுத்த அழுத்தப் பிடிப்பு கூடும். கண்ணாடியில் புதைய இடமில்லை. கையின் நடுக்கம்கூட அப்படியே திரைக்குப் போகும். பட்டனைச் சொடுக்கும்போது விரல் கொடுக்கும் சிறு தள்ளலே புள்ளியை நகர்த்திவிடுகிறது. தம்பிக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணம், ஓடும் இலக்கைத் தொடர்ந்து துரத்துவதுதான் அவன் ஆட்டம். அவனுக்கு நிற்பதைவிட ஓடுவது முக்கியம். கண்ணாடியில் டெஃப்லான் கால் வேகமாகக் கரையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி தேயாது, தேய வேண்டியது காலின் முறையாகிவிடுகிறது. பேட்டைத் துடைக்கும் துணியில் வெள்ளைப் பொடி வந்தால் அது மவுஸின் கால் என்று அறிக. மணல் துகள் ஒன்று விழுந்தால் மவுஸ் அதன்மேல் ஏறிக் கரகரவென்று ஓடும். துடைத்துவிட்டு உட்காருகிறவர்களுக்குத்தான் கண்ணாடி.

கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் கெட்டிப் பிளாஸ்டிக் பேட்கள் இருக்கின்றன. அவற்றின் பொடிச் சொரசொரப்பு நாளாக நாளாக நடுவில் வழவழப்பாகிவிடும். அதோடு காலும் தேயும். ஈரத்துக்கு அசையாது, துடைத்தால் போதும் என்பது அதன் நல்ல குணம்.

அலுவலக மேசைகளில் இப்போது அழகுக்காகப் போடுகிறார்களே, செயற்கைத் தோல் விரிப்பு, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், காப்பி கொட்டினால் துடைத்துவிடலாம். ஆனால் அவற்றில் பலவற்றின் மேல் பூசியிருப்பது பாலியூரிதீன். அந்த வகைப் பூச்சைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். ஆண்டு முழுக்க ஈரப்பதம் 80 சதவிகிதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நம் ஊரில் அலமாரிக்குள் வைத்த கைப்பையும் சோபாவும் செதில் செதிலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இதற்கும். உரிவதற்கு முன்பே பிசுபிசுக்கத் தொடங்கும். அதில் கீபோர்டை வையுங்கள், கோப்பை வையுங்கள். மவுஸுக்கு வேறு இடம் கொடுங்கள். உல்லன் போன்ற தடித்த விரிப்பும் மவுஸுக்கு ஆகாது. பஞ்சு கிளம்பிக் காலிலும் சென்சார் துளையிலும் சேரும்.

கடைசியில் யாழினி வாங்கியது 45 ரிங்கிட் விலையில், நெருக்கமான நெசவுள்ள, கெட்டியான அடியுள்ள துணி பேட். மேசை முழுவதும் இல்லை. 45க்கு 40 சென்டிமீட்டர் மட்டும். கழுவவும் காயப்போடவும் சுலபம் என்பதற்காகச் சின்னதாக வாங்கச் சொன்னேன். கடையில் விரலால் தடவிப் பார்ப்பதைவிட, முடிந்தால் சொந்த மவுஸைக் கொண்டுபோய் இடவலமாகவும் மேல்கீழாகவும் ஓட்டிப் பாருங்கள். சில நெசவுகளில் ஒரு திசையில் சுலபமாகவும் இன்னொரு திசையில் இறுக்கமாகவும் இருக்கும். வளைந்த விளிம்பைச் சுற்றி வருகிறவர்களுக்கு அது ஆகாது. இவள் வாங்கியது இரண்டு திசையிலும் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றது. விண்டோஸில் Enhance pointer precision என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பெயருக்கு மாறாக, கையின் வேகத்துக்கு ஏற்ப அம்புக்குறியின் தூரத்தை மாற்றிவிடும். திடீரென்று விடுபடும் மவுஸோடு அதுவும் சேர்ந்தால் பிசகு இரட்டிப்பாகும். அதையும் அணைத்துவிட்டோம்.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அடுத்த வாரம் மறுபடி போன். “காலைல நல்லா இருக்கு மாமா. மூணு மணிக்கு மேல பழையபடி கனமா இருக்கு.” புதுப் பேட் அதற்குள் ஈரம் குடித்துவிட்டதா என்று எனக்கும் சந்தேகம். பிற்பகலில் பலகையைத் தூக்கி அளக்கச் சொன்னேன். ஐந்தரை. காலையைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கனம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. இந்தப் பேட்களின் துணி பெரும்பாலும் பாலியஸ்டர்; பருத்தியைப்போல் அது ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளாது. பிறகு எது கனம்?

வீடியோ அழைப்பில் அவள் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுப்பட்ட கை முழுவதும் மேசையில், பழைய செயற்கை வார்னிஷ் பூச்சின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிற்பகல் புழுக்கத்தில் வியர்த்த தோல் பிடித்துக்கொள்கிறது. கையைக் கிளப்பும்போது மவுஸும் சேர்ந்து துள்ளுகிறது. பலகைச் சோதனையில் கை இல்லையே, அதனால் அது காட்டவில்லை. அக்கா ஒரு பழைய பருத்தி டி-சட்டையின் நீளக் கையை வெட்டி, முழங்கைவரை மாட்டிக்கொள்ளச் சொன்னாள். செலவில்லாத வைத்தியம், வேலை செய்தது. மேசை விசிறி ஒன்றும் கையின் பக்கம் திரும்பியிருக்கிறது.

சென்ற மாதம் திரும்பி வந்த படங்கள் மூன்று. அதில் இரண்டு, மாலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தே படமெடுத்து அனுப்பியவை. அவற்றின் விளிம்பு எனக்கே தெரியவில்லை. 350 வெள்ளி மவுஸ் இன்னும் அவள் இணையக் கூடையில்தான் கிடக்கிறது. வெட்டிய சட்டைக் கை மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை துவைக்கப் போகிறது. பேட்டை மாதம் ஒரு முறை கழுவ ஒப்புக்கொண்டிருக்கிறாள், மாதக் கடைசி ஞாயிறு.